கர்ப்பப்பைக் கட்டியும் சினைப்பை நீர்க்கட்டியும்: ஸ்கேன் படத்தைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பாம்பன் சின்னப்பாலத்திலிருந்து ஒரு அக்கா வந்திருந்தார். வயது 42. கடலில் இறங்கிப் பாசி எடுப்பவர். கூடவே மதினி. மஞ்சள் பைக்குள் பிளாஸ்டிக் கவர், அதற்குள் ஸ்கேன் படம், ரிப்போர்ட். வேறு ஓர் இடத்தில் எடுத்தது. உட்கார்ந்ததுமே சொன்னார்: "டாக்டரம்மா, ஆறு சென்டி கட்டியாம். ஓவரியிலயும் ஒன்னு இருக்காம், அது சாதாரணக் கட்டி இல்லையாம். அடுத்த வாரமே எல்லாத்தையும் எடுத்துரணும்னாங்க."

ரிப்போர்ட்டில் மூன்று விஷயங்கள் இருந்தன. கர்ப்பப்பையின் மேல்முனையில் 6.2 சென்டிமீட்டரில் ஒரு ஃபைப்ராய்டு, சப்சீரோசல். உள்ளே 1.8 சென்டிமீட்டரில் இன்னொன்று, சப்மியூகோசல். வலது சினைப்பையில் 4.6 சென்டிமீட்டரில் 'காம்ப்ளக்ஸ் சிஸ்ட்'. அந்த அக்காவின் தொந்தரவு இது: மாதவிலக்கு ஒன்பது நாள் போகிறது, முதல் மூன்று நாள் கட்டி கட்டியாக. ஹீமோகுளோபின் 7.8. தண்ணீருக்குள் முங்கி எழுந்தால் தலை சுற்றுகிறது.

வீட்டில் எல்லோரும் சென்டிமீட்டரைப் பார்த்துப் பயந்திருந்தார்கள். முதல் பயம் 6.2-க்கு, அடுத்தது 4.6-க்கு. 1.8-ஐ யாரும் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. படத்தைப் படித்தபோது வரிசை தலைகீழாக இருந்தது. அது எப்படி என்பதை அந்த அக்காவுக்குச் சொன்ன மாதிரியே இங்கே எழுதுகிறேன். படத்தைப் பார்த்து நீங்களே நோயைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கையில் இருப்பது என்ன என்று தெரிந்துகொண்டு டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் போதும்.

முதல் படி: தேதியும் சிறுநீர்ப்பையும்

படத்தைப் பார்க்கும் முன் அதன் மேல்மூலையைப் பாருங்கள். எடுத்த தேதி இருக்கும். பக்கத்திலோ ரிப்போர்ட்டிலோ LMP என்று இன்னொரு தேதி இருக்கும். அது கடைசி மாதவிலக்கு தொடங்கிய நாள். இரண்டுக்கும் நடுவில் எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணுங்கள். அந்த அக்காவுக்கு 22 வந்தது. இந்த 22-ஐ மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும். LMP எழுதாத ரிப்போர்ட்டாக இருந்தால் நீங்களே பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள்.

சினைப்பை மாதம் முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. மாதவிலக்கு முடிந்ததும் சின்னச் சின்ன நீர்ப்பைகள் வளரத் தொடங்கும். அதில் ஒன்று முந்திக்கொண்டு இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் வரை வளர்ந்து உடையும். முட்டை வெளியே வரும். உடைந்த பை மூடி, சில சமயம் உள்ளே ரத்தமோ நீரோ சேர்ந்து, அடுத்த மாதவிலக்கு வரை இருக்கும். ஆக 22-ஆம் நாள் எடுத்த படத்தில் சினைப்பையில் ஏதாவது தெரியத்தான் செய்யும். நீர்க்கட்டியைச் சந்தேகமில்லாமல் பார்க்க வேண்டுமானால் மாதவிலக்கு தொடங்கி ஐந்திலிருந்து பத்து நாளுக்குள் எடுப்பது நல்லது. ரத்தப்போக்கு அதிகமாக இருப்பவர்களோ வலி இருப்பவர்களோ நாள் பார்த்துக் காத்திருக்க வேண்டாம்.

அப்புறம் தண்ணீர். விசைப்படகில் ஆழம் பார்க்கும் எக்கோ சவுண்டரைப் பார்த்திருப்பீர்கள். ஒலியைக் கீழே அனுப்பி, அது பட்டுத் திரும்பி வருவதை வைத்து ஆழம் சொல்கிறது. ஸ்கேனும் அதே வேலைதான் செய்கிறது. ஒலி தண்ணீருக்குள் சுகமாகப் போகும், காற்றைக் கண்டால் நின்றுவிடும். தெளிந்த தண்ணீரில் அடியில் கிடக்கும் பாசி தெரியும், அலை உடைந்து நுரை தள்ளும் இடத்தில் ஒன்றுமே தெரியாது. வயிற்றில் அந்த நுரை குடல்தான். அதற்குள் இருப்பது காற்று. சிறுநீர்ப்பை நிறைந்தால் குடலை ஓரமாகத் தள்ளிவிட்டு, கர்ப்பப்பைக்கு முன்னால் ஒரு தண்ணீர் ஜன்னல் மாதிரி நிற்கும். அதற்காகத்தான் தண்ணீர் குடிக்கச் சொல்கிறோம்.

நாலைந்து டம்ளர் குடித்து ஒரு மணி நேரம் போல இருந்தால் போதும். பாம்பனிலேயே குடித்துவிட்டு பஸ் ஏறி, உச்சிப்புளி வரும்போது தாங்க முடியாமல் தவித்தவர்களின் கதை என்னிடம் நிறைய உண்டு. ராமநாதபுரம் வந்து இறங்கி, டோக்கன் போட்டுவிட்டுக் குடியுங்கள். அளவுக்கு மீறி நிரப்புவதும் கெடுதல்தான்: கர்ப்பப்பை பின்னால் அமுங்கி, இருக்கிற அளவு மாறித் தெரியும்.

பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேனுக்கு இது நேர்மாறு. சிறுநீர் போய்விட்டு வர வேண்டும். கருவி கர்ப்பப்பைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் படம் ரொம்பத் தெளிவு. கல்யாணமான பெண்களுக்கு ரத்தப்போக்குத் தொந்தரவு இருந்தால் இதைக் கேட்டே வாங்கலாம். வெட்கப்பட்டு வேண்டாம் என்று சொல்லி, கடைசியில் பாதி படத்தோடு போகிறவர்கள் அதிகம். கல்யாணமாகாத பெண்களுக்கு வயிற்று வழியாகத்தான் எடுப்பார்கள்.

இரண்டாம் படி: எது மேல், எது கறுப்பு

படத்தின் மேல் பக்கம் கருவி வைத்த பக்கம். வயிற்று வழி ஸ்கேனில் மேலே தெரிவது வயிற்றுத் தோல், கீழே போகப்போக முதுகுப் பக்கம். நீளவாட்டில் எடுத்த படத்தில் இடது கை ஓரம் தலைப் பக்கம், வலது கை ஓரம் கால் பக்கம். குறுக்காக எடுத்த படத்தில் உங்கள் வலது சினைப்பை படத்தின் இடது பக்கம் இருக்கும், எதிரே நிற்பவரைப் பார்க்கிற மாதிரி. குழம்பாமல் இருக்கத்தான் மிஷினில் RT OV, LT OV என்று தட்டி வைக்கிறோம். வலது சினைப்பை, இடது சினைப்பை. UT என்றால் கர்ப்பப்பை.

நிறத்துக்கு ஒரே கணக்கு. ஒலி திரும்பி வரவே இல்லை என்றால் கறுப்பு. பலமாகத் திரும்பி வந்தால் வெள்ளை. இடையில் உள்ளதெல்லாம் சாம்பல். தெளிந்த நீரில் திருப்பி அனுப்ப ஒன்றும் இல்லை, அதனால் அது கறுப்பு. மேலே முக்கோணமாகவோ நீள்வட்டமாகவோ பெரிதாகக் கறுத்துத் தெரிவது சிறுநீர்ப்பை. இதையே கட்டி என்று நினைத்து அழுதவர்கள் உண்டு.

இன்னொன்றும் கவனியுங்கள். நீருக்குள் போன ஒலி வலுக் குறையாமல் போகும். அதனால் நீர்க்கட்டிக்கு நேர் கீழே உள்ள இடம் சுற்றுப்புறத்தைவிட வெளுத்துத் தெரியும். ஃபைப்ராய்டு திடமான சதை. அது ஒலியை விழுங்கிவிடும்; கீழே நிழல் விழும். 'கீழே வெளுத்திருக்கிறதா, இருண்டிருக்கிறதா' என்ற இந்த ஒரு கேள்வியே பாதி வேலையை முடித்துவிடும்.

மூன்றாம் படி: கர்ப்பப்பையும் நடுவில் ஓடும் வெள்ளைக் கோடும்

சிறுநீர்ப்பைக்குக் கீழே, கவிழ்த்த பேரிக்காய் மாதிரி சாம்பல் நிறத்தில் இருப்பது கர்ப்பப்பை. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு நீளம் எட்டு, ஒன்பது சென்டிமீட்டர் இருப்பது சகஜம். ரிப்போர்ட்டில் 'பல்க்கி' என்று போட்டிருந்தால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் பருத்திருக்கிறது என்று மட்டும்தான் பொருள். 'ரெட்ரோவெர்ட்டட்' என்றால் பின்பக்கம் சாய்ந்திருக்கிறது. பல பெண்களுக்குப் பிறவியிலேயே அப்படித்தான், நோய் இல்லை.

பார்க்க வேண்டியது நடுவில் ஓடும் வெள்ளைக் கோட்டை. அது கர்ப்பப்பையின் உள்தோல். மாதாமாதம் உதிர்ந்து வெளியேறுவது இதுதான். ரிப்போர்ட்டில் ET என்று மில்லிமீட்டரில் இருக்கும். மாதவிலக்கு முடிந்த கையோடு இரண்டு, மூன்று மில்லிமீட்டர். மாதக் கடைசியில் பதினைந்து வரைகூடப் போகும். அதனால் ET எண்ணையும் தேதி தெரியாமல் படிக்கக் கூடாது. மாதவிலக்கு நின்று ஓராண்டு ஆனவருக்கு ரத்தம் பட்டால் கணக்கு வேறு. அங்கே நாலு மில்லிமீட்டருக்கு மேல் இருந்தாலே உள்தோலில் கொஞ்சம் எடுத்துச் சோதிக்க வேண்டும்.

இந்தக் கோடு நேராக ஓடுகிறதா, எங்காவது வளைகிறதா, நடுவில் அறுந்து தெரிகிறதா என்று பாருங்கள். ஏன் என்று அடுத்த படியில் தெரியும்.

நான்காம் படி: ஃபைப்ராய்டு எங்கே உட்கார்ந்திருக்கிறது

ஃபைப்ராய்டு என்பது கர்ப்பப்பையின் தசை ஓரிடத்தில் மட்டும் உருண்டு திரண்டு வளர்வது. வெட்டிப் பார்த்தால் சுற்றி வைத்த கயிற்றுப் பந்து மாதிரி இருக்கும். படத்தில் கர்ப்பப்பையைவிடக் கொஞ்சம் கறுத்த உருண்டையாக, ஓரம் வரையறுத்துத் தெரியும். கீழே ஓலைக் கீற்று வழியாக வெயில் விழுகிற மாதிரி கோடு கோடாக நிழல். பழைய கட்டியில் சுண்ணாம்புச் சத்து படிந்தால் வெள்ளையாக மின்னும், கீழே நிழல் இன்னும் கனமாக இருக்கும். வண்ண டாப்ளர் போட்டால் ரத்த ஓட்டம் பெரும்பாலும் கட்டியைச் சுற்றி வளையமாகத் தெரியும்.

இது எவ்வளவு பெரிது என்று கேட்கும் முன் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். வீட்டுச் சுவரை நினைத்துக்கொள்ளுங்கள். வெளிப்பூச்சில் புடைத்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தால் சப்சீரோசல். செங்கலுக்கு நடுவில் இருந்தால் இன்ட்ராம்யூரல். உள்பூச்சைத் தள்ளிக்கொண்டு அறைக்குள் எட்டிப் பார்த்தால் சப்மியூகோசல். மூன்றும் ஒரே பொருள்தான், ஆனால் செய்யும் வேலை வேறு.

வெளியே புடைத்தது அறையைத் தொடுவதில்லை. அதனால் மாதவிலக்கை அது பெரிதாகக் கெடுக்காது. பெரிதானால் சிறுநீர்ப்பையை அமுக்கி அடிக்கடி சிறுநீர் வரச் செய்யும், மலச்சிக்கல் தரும், அடிவயிறு கனக்கும். சுவருக்குள் இருப்பது அறையின் பரப்பை விரித்தால் ரத்தப்போக்கு கூடும், இல்லையென்றால் சும்மா கிடக்கும். உள்ளே எட்டிப் பார்ப்பது மட்டும் சிறிதாக இருந்தாலும் தொல்லை. உதிர வேண்டிய உள்தோலுக்கு அடியிலேயே அது உட்கார்ந்திருப்பதால், போக்கு நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காது.

ரிப்போர்ட்டில் FIGO என்று போட்டுப் பக்கத்தில் 0 முதல் 8 வரை ஓர் எண் இருந்தால் இதைத்தான் சொல்கிறது. 0, 1, 2 மூன்றும் உள்ளே எட்டிப் பார்ப்பவை. 0 முழுக்க அறைக்குள் தொங்குவது, 2-இல் பாதிக்கு மேல் சுவருக்குள் இருக்கும். 3, 4 சுவருக்குள். 5, 6, 7 வெளியே. 7 காம்பு வைத்துத் தொங்குவது. எண் இல்லாத ரிப்போர்ட்தான் நம் ஊரில் அதிகம். அப்போது 'கட்டி உள்தோலைத் தொடுகிறதா டாக்டர்?' என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

இப்போது அந்த அக்காவின் படம். 6.2 சென்டிமீட்டர் கட்டி மேல்முனையில் வெளியே புடைத்திருந்தது. வெள்ளைக் கோட்டுக்கும் அதற்கும் நடுவில் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் நல்ல தசை. கோடு அதற்குக் கீழே அசையாமல் நேராக ஓடியது. கர்ப்பப்பையின் பாதியில், பின்சுவர்ப் பக்கம் மட்டும் கோடு திடீரென்று மேலே வளைந்து ஒரு மேட்டைச் சுற்றிப் போனது. அந்த மேடுதான் 1.8. நான் திரும்ப, பிறப்புறுப்பு வழியாக எடுத்துப் பார்த்தபோது கட்டியில் முக்கால் பங்கு அறைக்குள் இருந்தது. FIGO எண் 1. ஒன்பது நாள் ரத்தத்துக்குக் காரணம் இது. பெரியது வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

மதினிக்கு நம்பிக்கை வரவில்லை. "சின்னதுதானே?" என்றார். காலில் குத்திய முள் எவ்வளவு பெரிசு என்று கேட்டேன். சிரித்துவிட்டார்.

சரி, வளர்ச்சியை எப்படிப் பார்ப்பது? படத்தில் + குறிகள் இருக்கும். ஒரு குறியிலிருந்து இன்னொன்று வரைதான் அளவு. ஒரே கட்டியை ஒரே நாளில் இரண்டு பேர் அளந்தால் சில மில்லிமீட்டர் மாறும். 5.0 என்பது 5.3 ஆனதற்குத் தூக்கம் கெட வேண்டாம். அதே சமயம் 5.0 என்பது 6.3 ஆனால் கட்டியின் கொள்ளளவு இரட்டித்துவிட்டது என்று பொருள்; உருண்டைக்குக் கணக்கு அப்படி. மாதவிலக்கு நின்ற பிறகு ஃபைப்ராய்டுகள் வழக்கமாகச் சுருங்கும். நின்ற பிறகும் ஒன்று வளர்ந்துகொண்டே போனால் அதை விடக் கூடாது. புற்றுத் தன்மை உள்ள தசைக்கட்டி அரிதுதான், ஆனால் ஸ்கேன் ஒன்றை மட்டும் வைத்து அதை இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது.

ஐந்தாம் படி: நீர்க்கட்டிக்குள் என்ன இருக்கிறது

ஒரு பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். 'ஓவரியில நீர்க்கட்டி' என்று நம் பக்கம் இரண்டு வேறு விஷயங்களைச் சொல்கிறோம். ஒன்று, மாதவிலக்கு தள்ளித் தள்ளி வரும் பெண்களின் சினைப்பையில் கொத்துக் கொத்தாகத் தெரியும் சிறு பைகள். ரிப்போர்ட்டில் 'பாலிசிஸ்டிக்' என்று வரும். ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. அவை கட்டிகளே இல்லை, உடையாமல் நின்றுபோன முட்டைப் பைகள். அறுத்து எடுக்கவும் ஒன்றும் இல்லை. நான் இங்கே பேசுவது இன்னொன்று: மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்த தனிக் கட்டி.

ஃபைப்ராய்டுக்கு இடம் எப்படியோ, நீர்க்கட்டிக்கு உள்ளே இருப்பது அப்படி. உள்ளே ஒரே கறுப்பு, தோல் மெல்லியது, வழவழப்பானது, தடுப்பு இல்லை, சதை இல்லை, கீழே வெளுப்பு. இதுதான் சிம்பிள் சிஸ்ட். நுங்கை அறுத்ததும் கண்ணுக்குள் தெரியும் தெளிநீர் மாதிரி. மாதவிலக்கு வருகிற வயதில் ஐந்து சென்டிமீட்டர் வரை உள்ள இந்த வகை பெரும்பாலும் இரண்டு, மூன்று மாதவிலக்குக்குள் தானாகவே போய்விடும். ஐந்திலிருந்து ஏழு வரை என்றால் வருடம் ஒருமுறை பார்க்க வேண்டும். ஏழைத் தாண்டினால் ஸ்கேனில் எல்லா மூலையும் சரியாகத் தெரியாது, எம்.ஆர்.ஐ. எடுப்பதோ அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவதோ அப்போதுதான் வரும். மாதவிலக்கு நின்றவர்களுக்கு இந்தத் தாராளம் கிடையாது. சிறியதாக இருந்தாலும் புற்றுச் சந்தேகத்துக்குப் பார்க்கும் CA-125 ரத்தப் பரிசோதனையும் சில மாதத்தில் மறு ஸ்கேனும் கேட்பார்கள்.

'காம்ப்ளக்ஸ்' என்ற சொல்லுக்கு வருவோம். வீடுகளில் அதிகப் பயத்தைக் கிளப்புவது இந்தச் சொல்தான். உள்ளே முழுக் கறுப்பாக இல்லை, வேறு ஏதோ தெரிகிறது என்பதைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. அந்த ஏதோ எது என்பதுதான் கேள்வி.

அந்த அக்காவின் 4.6 சென்டிமீட்டர் கட்டிக்குள் மெல்லிய வெள்ளை இழைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. படத்தை அவர் பக்கம் திருப்பி, "இது எது மாதிரி இருக்கு?" என்றேன். யோசிக்கவே இல்லை. "வலை" என்றார். டாக்டர்களும் இதை மீன்வலைத் தோற்றம் என்றுதான் சொல்கிறோம். முட்டை உடைந்த பைக்குள் ரத்தம் கசிந்து, உறைந்து, இழை இழையாகப் பிரிவதால் வரும் தோற்றம் இது. இழைகளுக்குள் ரத்த ஓட்டம் இருக்காது. டாப்ளர் போட்டபோது கட்டியின் தோலைச் சுற்றி மட்டும் நிறம் வந்தது, வலைக்குள் ஒரு புள்ளிகூட இல்லை. 22-ஆம் நாள் என்பதும் பொருந்தியது. ரத்தக் கட்டி, ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்தில் கரைந்துவிடும். அந்த அக்காவுக்கு இரண்டு மாதம் கழித்து, மாதவிலக்கு தொடங்கி ஏழாம் நாள் மறுபடி பார்த்தேன். வலது சினைப்பையில் சின்னச் சின்ன முட்டைப் பைகள் மட்டும். அடுத்த வாரம் எடுக்கவிருந்த சினைப்பை அது.

கரையாத வகைகளும் உண்டு. உள்ளே முழுக்க ஒரே சீராக மங்கல் சாம்பல், தேய்த்த கண்ணாடி வழியாகப் பார்க்கிற மாதிரி இருந்தால் எண்டோமெட்ரியோமா, 'சாக்லேட் சிஸ்ட்' என்பார்கள். மாதவிலக்கு வலி கடுமையாக இருப்பவர்களுக்கு இதை நினைப்போம். இது மறு ஸ்கேனிலும் அப்படியே நிற்கும். உள்ளே பளிச்சென்று வெள்ளைத் திட்டும் அதன் கீழ் கனத்த நிழலும் இருந்தால் டெர்மாய்டு; கொழுப்பும் முடியும் சேர்ந்த கட்டி, சில சமயம் பல்கூட இருக்கும். முடி இருக்கிறது என்று கேட்டதும் செய்வினை வரை போய்விட்ட குடும்பத்தை எனக்குத் தெரியும். முட்டை அணுக்களிலிருந்து வளர்வதால் உடம்பின் எந்தத் திசுவும் அதில் முளைக்கலாம், அவ்வளவுதான்.

உண்மையில் கவலைப்பட வேண்டிய படம் எது? உள்சுவரிலிருந்து உள்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் சதை மொட்டுகள், ஓரம் ஒழுங்கில்லாத திடமான பகுதி, அந்தச் சதைக்குள்ளேயே ஏராளமான ரத்த ஓட்டம், வயிற்றில் நீர் சேர்ந்திருப்பது. இவற்றில் எது இருந்தாலும் இரண்டு மாதம் காத்திருக்கும் பேச்சே இல்லை. மகளிர் புற்றுநோய் பார்க்கும் டாக்டரிடம் போக வேண்டும்; சினைப்பையை அவசரமாக எங்காவது கிழித்து எடுத்துவிட்டால் பின்னால் வைத்தியம் சிக்கலாகும்.

ஆறாம் படி: ஒன்றை இன்னொன்றாக நினைத்துவிடும் இடங்கள்

காம்பு வைத்துத் தொங்கும் ஃபைப்ராய்டு சினைப்பைக்குப் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். அப்போது ரிப்போர்ட்டில் 'சாலிட் அட்னெக்சல் மாஸ்' என்று வந்துவிடும். சினைப்பைப் பக்கம் திடக்கட்டி என்று பொருள். குடும்பமே நிலைகுலைந்து போகும். பிரித்துப் பார்க்க இரண்டு வழிகள். அதே பக்கத்துச் சினைப்பை தனியாக, நல்லபடியாகத் தெரிகிறதா என்று தேடுவது ஒன்று. தெரிந்தால் கட்டி சினைப்பையினுடையது இல்லை. கர்ப்பப்பையிலிருந்து கட்டிக்கு ரத்தக்குழாய்கள் பாலம் போட்ட மாதிரி போகிறதா என்று டாப்ளரில் பார்ப்பது இன்னொன்று. கருவியால் மெல்ல அழுத்தி, கட்டி கர்ப்பப்பையோடு சேர்ந்து நகர்கிறதா என்றும் பார்ப்போம். இதை அச்சடித்த படத்தில் காண முடியாது. படத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கருத்துக் கேட்டால் நான் தயங்குவதற்கு ஒரு காரணம் இது.

அடைத்து நீர் கோத்த கருக்குழாய் நீண்டு வளைந்து நீர்க்கட்டி மாதிரியே கறுப்பாக இருக்கும். உருண்டையாக இல்லாமல் சுருண்ட குழலாக இருந்தால் சந்தேகப்படுங்கள். சில சமயம் திரவம் நிறைந்த குடலே ஏமாற்றும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் நெளிந்துவிடும்.

கர்ப்பப்பைச் சுவர் முழுக்க ஒழுங்கில்லாமல் தடித்து, எல்லை இல்லாத திட்டாகத் தெரிந்தால் அது ஃபைப்ராய்டாக இல்லாமல் அடினோமயோசிஸாக இருக்கலாம். உள்தோல் தசைக்குள் புகுந்து வளர்வது. அதற்கு எல்லை இல்லாததால் ஃபைப்ராய்டு மாதிரி தனியாகத் தோண்டி எடுக்க வராது.

ஏழாம் படி: டாக்டரிடம் எதைக் கேட்பது

மூன்று கேள்விகள் போதும். என் தொந்தரவுக்கு இந்தப் படத்தில் உள்ள எந்தக் கட்டி காரணம்? மற்றவற்றை விட்டுவைத்தால் என்ன ஆகும்? மறு ஸ்கேன் எந்த மாதம், மாதவிலக்கின் எத்தனையாம் நாள்? முதல் கேள்விக்குக் காரணத்தோடு பதில் வராமல் 'எல்லாத்தையும் எடுத்துரலாம்' என்று மட்டும் வந்தால், இன்னொரு டாக்டரிடம் காட்டுவதில் தப்பில்லை. கர்ப்பப்பையை எடுப்பதுதான் சரி என்று வரும் பெண்களும் இருக்கிறார்கள். பல கட்டிகள், மருந்துக்கு அடங்காத போக்கு, பிள்ளை பெற்று முடித்தவர் என்றால் அது நல்ல முடிவுதான். அந்த அக்காவின் படம் அதைக் கேட்கவில்லை.

நாள் பார்க்காமல் ஓட வேண்டிய நேரமும் உண்டு. கட்டி உள்ளவருக்கு ஒரு பக்கம் திடீரென்று தாங்க முடியாத வலி, கூடவே வாந்தி என்றால் சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். சில மணி நேரத்துக்குள் பிரித்துவிட்டால் சினைப்பை பிழைக்கும். 'சூட்டு வலி' என்று வெந்தயம் முழுங்கிவிட்டு விடியும் வரை படுத்திருக்காதீர்கள். நாள் தள்ளிப்போயிருக்கிறது, அடிவயிற்றில் வலி என்றால் முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை. சினைப்பைப் பக்கம் தெரிவது குழாயில் தங்கிய கருவாக இருக்கலாம்.

சின்னப்பாலத்து அக்காவுக்கு முதலில் ரத்தம் ஏற வேண்டியிருந்தது. இரும்புச் சத்து ஊசி போட்டு, போக்கு உள்ள நாட்களில் டிரனெக்சாமிக் மாத்திரை கொடுத்து, ஹீமோகுளோபின் 10-ஐத் தாண்டிய பிறகு மதுரையில் ஹிஸ்டெரோஸ்கோப்பி. பிறப்புறுப்பு வழியாகச் சின்னக் கேமரா நுழைத்து, அறைக்குள் எட்டிப் பார்த்த 1.8-ஐச் சீவி எடுத்தார்கள். வயிற்றில் கத்தி படவில்லை. நாற்பதைத் தாண்டியவர் என்பதால் உள்தோலிலும் கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள், நல்லபடியாக வந்தது. மறுநாள் வீட்டில் இருந்தார். மூன்றாவது மாதத்தில் போக்கு ஐந்து நாளாகக் குறைந்தது.

பெரிய கட்டியை யாரும் தொடவில்லை. ஒரு வருடம் கழித்து, பழைய படத்தையும் அதே மஞ்சள் பையில் எடுத்துக்கொண்டு வந்தார். இந்த முறை 6.0 வந்தது.

"கரைஞ்சிருச்சா டாக்டரம்மா?"

"இல்லக்கா, அது அப்படியேதான் இருக்கு. போன தடவை குறியைக் கொஞ்சம் தள்ளி வச்சிருப்பாங்க."

"அப்ப இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு, சிறுநீர் போக எழுந்து ஓடினார்.